‘உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது’ என்று அனுப்புவோருக்கு ஒரு திறந்த மடல்

வங்கிகளின் குறைதீர்ப்புப் பிரிவுகளில் நாளெல்லாம் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும், அவர்கள் கையில் மாதிரிக் கடிதங்களைக் கொடுத்து ‘இதையே அனுப்பு’ என்று சொல்லும் மேலதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வுபெற்றவன்தான். இப்போது அக்கம்பக்கத்தார் வங்கிக்கு எழுதவேண்டிய புகார்களை எழுதிக்கொடுக்கிறேன்; திரும்பி வரும் பதிலைப் படித்து அர்த்தம் சொல்கிறேன். புகாரைப் பற்றிப் பொதுவாகப் பேச ஆரம்பித்தால் அறிவுரையாகிவிடும். அதனால் ஒரே ஒரு வகையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஏ.டி.எம்.மில் பணம் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது என்ற புகார். இதற்கு ரிசர்வ் வங்கியின் விதி தெளிவாக இருக்கிறது, சான்றுகளும் இயந்திரத்துக்குள்ளேயே இருக்கின்றன. இருந்தும் இந்தப் புகாருக்குப் போகிற பதில்தான் படு மோசமாக இருக்கிறது.

எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை வைத்திருக்கும் அம்மா மார்ச் 4ஆம் தேதி மாலை பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஏ.டி.எம்.மில் 10,000 ரூபாய் எடுக்கப் போனார். அட்டை ஒரு வங்கியுடையது, இயந்திரம் இன்னொரு வங்கியுடையது. பணம் வரவில்லை. போனில் மட்டும் ‘10,000 கழிக்கப்பட்டது’ என்று குறுஞ்செய்தி வந்தது. மார்ச் 6 அன்று தன் வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்தார். இரண்டு நாளில் அவருக்கு வந்த பதில் இது:

“அன்புள்ள வாடிக்கையாளரே, தங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம். தங்கள் புகாரை ஆய்வு செய்ததில் மேற்படி பரிவர்த்தனை வெற்றிகரமாக நிறைவடைந்துள்ளது எனத் தெரியவருகிறது. எனவே தங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது. எங்களுடன் இணைந்திருப்பதற்கு நன்றி.”

இதை அவருக்குப் படித்துக் காட்டியதும் அவர் கேட்டது: “அப்ப நான் பொய் சொல்றேங்குறாங்களா?” ஆமாம், அந்தப் பதிலுக்கு வேறு பொருளே கிடையாது. வார்த்தைக்கு வார்த்தை மரியாதை; மொத்தத்தில் ‘நீ பொய் சொல்கிறாய்’ என்ற குற்றச்சாட்டு. எந்தப் பதிவைப் பார்த்தார்கள், யாருடைய இயந்திரம், யாரிடம் கேட்டார்கள் என்று ஒரு தகவலும் அதில் இல்லை. ‘வெற்றிகரமாக’ என்ற சொல்லை, அன்றைக்கு மளிகைக்கடைக்குக் கொடுக்க வைத்திருந்த பத்தாயிரத்தை இழந்து நிற்கிறவரிடம் சொல்கிறோம் என்ற நினைப்பும் எழுதியவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

மார்ச் 11 அன்று அவர் இரண்டாவது கடிதம் எழுதினார். என்னை எழுதவிடவில்லை. தானே சொல்லச் சொல்ல மகளை எழுதவைத்தார். சுடச்சுட இருந்தது. அதில் ஒரு பகுதியை அவர் அனுமதியோடு தருகிறேன்:

“மெஷின்ல கார்டைப் போட்டு நம்பர் அடிச்சேன். உள்ள கடகடன்னு நோட்டு எண்ணுற சத்தம் கேட்டுச்சு. வாய் திறக்கவே இல்ல. அப்புறம் பழையபடி ‘வருக’ன்னு வந்துடுச்சு. சீட்டும் வரல. பத்து நிமிஷம் அங்கயே நின்னேன், பின்னால நின்ன பையன்கூடப் பாத்தான். நீங்க வந்துச்சுன்னு மெசேஜ் அனுப்புறீங்க. கிளைக்கு வந்து கேட்டா அந்த பேங்குக்குப் போங்குறாங்க, அங்க போனா உங்க பேங்குக்குப் போங்குறாங்க. என் காசை எடுத்தது யாரு? பதில் சொல்லாட்டி பிள்ளைகளோட வந்து வாசல்ல உக்காருவேன்.”

இதைப் படித்ததும் நம் ஆட்களுக்குக் கண்ணில் படுவது கடைசி வரிதான். ‘மிரட்டுகிறார்’ என்று கோப்பில் குறிப்பு ஏறும். நான் உங்களிடம் கேட்பது, அந்தக் கடைசி வரியை விட்டுவிட்டு மற்றதைப் படியுங்கள் என்பதுதான். நோட்டு எண்ணும் சத்தம் வந்தது. ஷட்டர் திறக்கவில்லை. ரசீது வரவில்லை. பார்த்த சாட்சி ஒருவர் இருக்கிறார். கிளையில் தவறான வழி காட்டினார்கள். ஐந்து தகவல்கள், ஐந்தும் விசாரணைக்கு உதவுபவை. கோபத்தில் எழுதுகிறவர்கள் எதையும் விடாமல் எழுதுவார்கள். நிதானமாக எழுதுகிறவர் ‘பணம் வரவில்லை, ஆவன செய்க’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்; அதை வைத்து நாம் என்ன விசாரிப்பது?

அந்தச் சத்தத்தையே பாருங்கள். சத்தம் வந்தது என்றால் நோட்டுகள் பெட்டியிலிருந்து கிளம்பிவிட்டன. கிளம்பிய நோட்டு வாயில் வரை வராமல் இடையில் சிக்கினாலோ, இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தாலோ, இயந்திரம் அவற்றை உள்ளேயே இருக்கும் ஒதுக்குப் பெட்டியில் தள்ளிவிடும். ரிஜெக்ட் பின் என்று நாம் சொல்வது அதைத்தான். பெட்டியைவிட்டு நோட்டு கிளம்பிவிட்டது, ஆனால் வாடிக்கையாளர் கைக்குப் போகவில்லை. இந்த நிலையில் இயந்திரத்துக்கும் அட்டை கொடுத்த வங்கிக்கும் இடையே செய்தி சரியாகப் போய்ச்சேராவிட்டால், அட்டை கொடுத்த வங்கியின் கணினியில் பரிவர்த்தனை வெற்றி என்றே நிற்கும். பதில் குறியீடு 00. ‘கணக்கில் கழிக்க அனுமதி கொடுத்தோம்’ என்பதற்கு அது சான்று. பணம் கைக்குப் போனது என்பதற்குச் சான்று அல்ல. முதல் பதிலை எழுதியவர் பார்த்தது இந்த 00 ஒன்றைத்தான்.

பணம் போனதா இல்லையா என்பதை மூன்று இடத்தில் பார்க்கவேண்டும், மூன்றும் இயந்திரத்தின் சொந்தக்கார வங்கியிடம் இருக்கின்றன. ஒன்று, இயந்திரமே வரிக்கு வரி எழுதிவைக்கும் குறிப்பேடு, அதாவது எலெக்ட்ரானிக் ஜர்னல். எத்தனை நோட்டு எண்ணப்பட்டது, வாயிலுக்கு வந்ததா, எடுக்கப்பட்டதா, பிழைக் குறியீடு ஏதாவது விழுந்ததா என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது, பணம் நிரப்ப வரும் ஏஜென்சி எடுக்கும் கணக்கு. நிரப்பியதில் கொடுத்ததைக் கழித்தால் மீதி இவ்வளவு இருக்கவேண்டும் என்று ஒரு தொகை வரும். பெட்டிகளிலும் ஒதுக்குப் பெட்டியிலும் உள்ளதை எண்ணினால் இன்னொரு தொகை வரும். எண்ணியது அதிகமாக இருந்தால் யாருடைய பணமோ உள்ளே மாட்டியிருக்கிறது. மூன்றாவது, கேமரா.

கேமராவைக் கடைசியில் சொன்னாலும் முதலில் கேட்டு வைக்கவேண்டியது அதுதான், ஏனென்றால் பழைய காட்சிகள் குறிப்பிட்ட நாளுக்குப்பின் அழிந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. திருடர்கள் பணம் வரும் வாயில்மேல் ஒரு தகட்டை ஒட்டிவைப்பார்கள். நோட்டு வெளியே வந்து தகட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். வாடிக்கையாளர் வரவில்லை என்று நினைத்துப் போய்விடுவார். பிறகு வந்து தகட்டோடு எடுத்துக்கொள்வார்கள். அங்கே இயந்திரத்தின் குறிப்பேட்டைப் பார்த்தால் பணம் கொடுத்ததாக இருக்கலாம், பெட்டியிலும் அதிகப் பணம் இருக்காது. இரண்டு சான்றும் வாடிக்கையாளருக்கு எதிராக இருக்கும், அவர் சொல்வதோ உண்மை. காட்சியைப் பார்க்காமல் ‘ஆய்வு செய்ததில்’ என்று எழுதாதீர்கள்.

இனி விதி. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது; அந்த ஆண்டு அக்டோபர் 15 முதல் நடைமுறை. கணக்கில் கழிந்து ஏ.டி.எம்.மில் பணம் வராவிட்டால், பரிவர்த்தனை நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே பணத்தைத் திருப்பவேண்டும். ஐந்து நாள் என்பது காலண்டர் நாள். ஞாயிறும் பண்டிகையும் சேர்த்தி. அதற்குமேல் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. வாடிக்கையாளர் கேட்கட்டும் என்று காத்திருக்கக்கூடாது, புகாரே இல்லாவிட்டாலும் கொடுக்கவேண்டும். அம்மாவின் கணக்கில் மார்ச் 4ஐ வைத்துப் பார்த்தால் கடைசி நாள் மார்ச் 9. மார்ச் 10 முதல் மீட்டர் ஓடுகிறது. இதைப் பதில் எழுதுகிற எல்லோரும் அறிவீர்கள். ஆனால் பதிலில் எழுதினால் ‘நாமே எடுத்துக்கொடுத்ததாகிவிடும்’ என்று ஒரு பயம். எந்த விதியை வாடிக்கையாளருக்குத் தெரியாமல் காப்பாற்றுகிறோம்? ரிசர்வ் வங்கியின் தளத்திலேயே அது எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது.

அம்மாவின் இரண்டாவது கடிதம் கிளையைத் தாண்டி மண்டல அலுவலகத்துக்குப் போனது. அடுத்த நாளே பதில் வந்தது, வேறு ஒரு கை எழுதியது. இப்படியும் எழுதத் தெரிந்தவர்கள் நம் தொழிலில் இருக்கிறார்கள் என்று காட்டத்தான் இந்த மடலே. பெயர், எண்களை எடுத்துவிட்டு முழுதாகத் தருகிறேன்:

“அம்மா, வணக்கம்.

மார்ச் 4 மாலை 7.42 மணிக்குப் பேருந்து நிலையம் எதிரே உள்ள ஏ.டி.எம்.மில் 10,000 ரூபாய் எடுக்க முயன்றதாகவும், நோட்டு எண்ணும் சத்தம் கேட்டும் பணம் வெளியே வரவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கணக்கில் அந்த நேரத்தில் 10,000 ரூபாய் கழிந்திருப்பதைப் பார்த்தோம். அது இன்றுவரை திரும்பவில்லை.

பரிவர்த்தனை வெற்றி என்று மார்ச் 8 அன்று உங்களுக்கு அனுப்பிய செய்தி எங்கள் கணினிப் பதிவை மட்டும் பார்த்து அனுப்பப்பட்டது. இயந்திரத்தின் சொந்தக்கார வங்கியிடம் கேட்காமலேயே உங்கள் புகாரை மூடியிருக்கிறோம். அது தவறு, மன்னிக்கவேண்டும். கிளையில் உங்களை அந்த வங்கிக்குப் போகச் சொன்னதும் தவறு. புகாரை விசாரிக்கவேண்டியது நாங்கள்தான். பழைய புகார் எண்ணிலேயே மறுபடி திறந்துவிட்டோம்.

பணத்தைத் திருப்பித் தருமாறு அந்த வங்கிக்கு இன்று காலை கோரிக்கை அனுப்பியிருக்கிறோம். இயந்திரத்தின் பதிவு, அதில் பணம் எண்ணிய கணக்கு, 7.30 முதல் 8 மணி வரையிலான கேமரா காட்சி மூன்றையும் கேட்டிருக்கிறோம்.

மார்ச் 19 அன்று, அவர்கள் பதில் தந்தாலும் தராவிட்டாலும், மாலை 5 மணிக்குள் நானே உங்களைக் கூப்பிட்டு நிலைமையைச் சொல்வேன்.

பணம் வெளிவரவில்லை என்று தெரியவந்தால், 10,000 ரூபாயும், மார்ச் 10 முதல் பணம் வரவாகும் நாள்வரை நாளுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடும் உங்கள் கணக்கில் சேரும். அதற்கு நீங்கள் தனியாக எழுதவேண்டியதில்லை.

நீங்கள் இனி எந்தக் கிளைக்கும் அலையவேண்டாம். ஏ.டி.எம். ரசீது இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். புகார் சம்பந்தமாக என்று சொல்லி யார் கூப்பிட்டாலும் ஓ.டி.பி., ரகசிய எண் சொல்லாதீர்கள். நாங்கள் கேட்கமாட்டோம்.

முதல் புகார் கொடுத்த மார்ச் 6 முதல் 30 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டாலும், சொல்லும் முடிவு உங்களுக்குச் சரியாகப் படாவிட்டாலும், cms.rbi.org.in என்ற தளத்தில் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.”

கீழே பெயர், பதவி, நேரடித் தொலைபேசி எண்.

இதில் குறை சொல்ல ஓர் இடம் இருக்கிறது. ‘ரசீது இருந்தால் வைத்திருங்கள்’ என்கிறார். சீட்டு வரவில்லை என்று அம்மா எழுதியிருந்தாரே! மாதிரிக் கடிதத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த வரி அது. அம்மாவும் சரியாக அந்த வரியில்தான் நின்றார்: “சீட்டு வரலன்னுதானே சொன்னேன்?” நல்ல கடிதத்திலும் ஒரு வரி ஒட்டவைத்ததாக இருந்தால் படிக்கிறவர் விரல் அங்கேதான் போகும்.

மற்றபடி, இதை எழுதியவர் என்ன செய்திருக்கிறார் என்று பார்ப்போம். பணம் வெளிவந்ததா இல்லையா என்பது அவருக்கு அன்று தெரியாது. தெரியாததை ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ‘எழுதியிருக்கிறீர்கள்’ என்று அம்மாவின் வாயிலேயே வைத்தார். தெரிந்ததை மட்டும் தன் வாயால் சொன்னார்: கணக்கில் கழிந்தது, திரும்பவில்லை, விசாரிக்காமல் மூடினோம், தவறான வழி காட்டினோம். மன்னிப்பு இந்தக் கடைசி இரண்டுக்கும் மட்டும்தான் கேட்கப்படுகிறது. ‘மன்னிப்புக் கேட்டால் பொறுப்பேற்றதாகிவிடும்’ என்று சட்டப்பிரிவு பயமுறுத்தும்போது நீங்கள் காட்டவேண்டியது இந்த இரண்டு பத்திகளைத்தான். பத்தாயிரத்துக்கு வங்கி இன்னும் பொறுப்பேற்கவில்லை. தன் அலுவலகம் செய்ததற்குப் பொறுப்பேற்றிருக்கிறது. அம்மாவுக்கு அன்று வேண்டியிருந்ததும் அதுதான். கடிதத்தைப் படித்து முடித்ததும் வாசலில் உட்காரும் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

‘ஏற்பட்ட அசௌகரியத்திற்கு வருந்துகிறோம்’ என்பதில் இதற்கு நேர்மாறான வேலை நடக்கிறது. எது அசௌகரியம், யார் ஏற்படுத்தியது, எதற்கு வருத்தம் என்று ஒன்றும் கிடையாது. எந்தப் புகாரின் தலையிலும் ஒட்டலாம். அதனால்தான் எந்தப் புகாரிலும் ஒட்டுவதில்லை.

அடுத்து அந்த மார்ச் 19. பதில் எழுதும் பிள்ளைகள் தேதி கொடுக்கப் பயப்படுவீர்கள், எனக்குத் தெரியும். பணம் திரும்புவது உங்கள் கையில் இல்லை. நீங்கள் அனுப்பும் கோரிக்கையை, சார்ஜ்பேக்கை, அந்த வங்கி ஏற்கலாம். ‘பணம் கொடுத்துவிட்டோம்’ என்று குறிப்பேட்டின் நகலோடு திருப்பி அனுப்பலாம். திருப்பினால் நீங்கள் மறுபடி எதிர்க்கவேண்டும், அதுவும் நடக்காவிட்டால் தேசியப் பணப்பட்டுவாடாக் கழகத்தின் நடுவர் முறைவரை போகலாம். இதற்கெல்லாம் தேதி போட யாரால் முடியும்? அவரும் பணம் வரும் நாளுக்குத் தேதி போடவில்லை. தான் தொலைபேசி எடுக்கும் நாளுக்குத் தேதி போட்டார். அது அவர் கையில் இருக்கிறது. பிறர் செய்யவேண்டியதற்கு ‘விரைவில்’ என்று வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்வதைவிட, நாம் செய்யப்போவதற்குத் தேதியும் மணியும் சொல்வது எளிது. வாடிக்கையாளரின் அவஸ்தையில் பாதி, அடுத்த தகவல் எப்போது வரும் என்று தெரியாமல் தினமும் கிளைக்குப் போய் நிற்பதுதான்.

ஆனால் சொன்ன தேதியில் சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும் கூப்பிட்டாகவேண்டும். இங்கேதான் பலரும் கோட்டைவிடுகிறார்கள். ‘தகவல் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம்’ என்று விட்டுவிட்டால், முதல் கடிதத்தில் சம்பாதித்த நம்பிக்கை அத்தனையும் அன்று மாலையே போய்விடும். மார்ச் 19 அன்று அந்த அதிகாரி கூப்பிட்டார். “இன்னும் அவங்ககிட்டயிருந்து பதில் வரலைம்மா. நினைவூட்டல் அனுப்பிட்டேன். 23ஆம் தேதி மறுபடி கூப்பிடுறேன்” என்றார். அவ்வளவுதான் செய்தி. அம்மாவும் “சரிங்க சார்” என்று வைத்துவிட்டுச் சட்னி அரைக்கப் போனார்.

23 வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. இயந்திரத்தில் பணம் நிரப்பும்போது எண்ணியதில் 10,000 ரூபாய் கூடுதலாக இருந்தது தெரிந்து, மார்ச் 21 அன்று கணக்கில் வரவாகிவிட்டது. ஆனால் 10,000 மட்டும்தான் வந்தது. மார்ச் 10 முதல் 21 வரை 12 நாள், 1,200 ரூபாய் இழப்பீடு வரவில்லை. அசல் தொகை தானியங்கி முறையில் திரும்பிவிடும். இழப்பீட்டை யாராவது கையால் போடவேண்டியிருக்கும் இடங்களில் இது அடிக்கடி விட்டுப்போகும். அம்மா என்னிடம் வரவேயில்லை. கடிதத்தை எடுத்து, கீழே இருந்த எண்ணுக்குத் தானே போன் செய்து, “நாளைக்கு நூறுன்னு எழுதியிருக்கீங்களே, அது எங்க?” என்று கேட்டிருக்கிறார். மறுநாள் 1,200 ஏறியது.

எல்லாப் புகாரும் இப்படி முடியாது. காட்சியில் அவரே பணத்தை எடுத்துப் பையில் வைப்பது தெரியலாம். வீட்டில் வேறு ஒருவர் அட்டையைக் கொண்டுபோய் எடுத்திருக்கலாம், இதை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். அப்போது இல்லை என்றுதான் எழுதவேண்டும். அந்தக் கடிதத்தையும் இதே சிரத்தையோடு எழுதுங்கள். என்னென்ன பார்த்தோம் என்று சொல்லுங்கள்: குறிப்பேட்டில் 500 ரூபாய் நோட்டு 20 வாயிலுக்கு வந்து எடுக்கப்பட்டதாக இருக்கிறது, பணம் எண்ணியதில் கூடுதல் இல்லை, 7.43க்கு ஒருவர் பணம் எடுப்பது காட்சியில் இருக்கிறது. காட்சியைப் பார்க்க விரும்பினால் எங்கே, யாரிடம் கேட்பது என்று சொல்லுங்கள். ‘நீங்கள்தான் எடுத்தீர்கள்’ என்று முடிவுகட்டிச் சொல்லத் தேவையில்லை, கண்டதைச் சொன்னால் போதும். வீட்டுக்குள் யார் எடுத்தது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பெரிய வணிக வங்கிகளில் ஒரு புகாரை முழுக்கவோ பாதியோ மறுப்பதற்கு முன் வங்கிக்குள்ளேயே இருக்கும் உள் குறைதீர்ப்பாளரின் பார்வைக்கு அனுப்பவேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் ஏற்பாடுதான். அவர் பார்த்துவிட்டார் என்பதை மறுப்புக் கடிதத்தில் எழுதுங்கள். மார்ச் 8 பதிலில் அப்படி எதுவும் இல்லை. மறுப்பு என்று பெயர்கூடப் போடாமல் ‘முடித்துவைக்கப்பட்டது’ என்று அனுப்பியதால், அந்தப் படியையே தாண்டிப் போய்விட்டார்கள்.

இப்போது மேலதிகாரிகளிடம் கொஞ்சம். பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன பயன்? அவர்களை நீங்கள் அளப்பது, ஒரு நாளில் எத்தனை புகாரை மூடினார்கள் என்பதை வைத்து. மூட ஒரு பொத்தான், அதோடு தானாகப் போகும் ஒரு கடிதம். 00 தெரிந்தால் மூடிவிடலாம் என்றால் மூடத்தான் செய்வார்கள். மறுபடி திறக்கப்படும் புகார் முதலில் மூடியவர் கணக்கில் ஏறட்டும். இன்னொரு வங்கியின் ஏ.டி.எம். சம்பந்தப்பட்ட புகாரை, அந்த வங்கியின் பதில் கோப்பில் சேராமல் மூடமுடியாதபடி மென்பொருளிலேயே பூட்டுங்கள். இழப்பீட்டை அசலோடு சேர்த்துக் கணக்கிட்டு வரவு வைக்கும்படி அதே மென்பொருளில் ஏற்பாடு செய்யுங்கள்; தேதி இரண்டும் அதற்குள்ளேயே இருக்கின்றன, கழித்துப் பார்ப்பது என்ன பெரிய வேலை?

மாதிரிக் கடிதமே வேண்டாம் என்று சொல்லவில்லை. நூற்றுக்கணக்கில் வரும்போது எல்லாவற்றையும் புதிதாக எழுதமுடியாது. விதி, குறைதீர்ப்பாளர் முகவரி, ஓ.டி.பி. எச்சரிக்கை ஆகியவை அச்சில் இருக்கட்டும். வாடிக்கையாளர் சொன்னது என்ன, நாம் பார்த்தது என்ன, இன்று செய்தது என்ன, அடுத்து யார் எந்தத் தேதியில் கூப்பிடுவார் என்ற நான்கு இடமும் வெற்றிடமாக இருக்கவேண்டும். நிரப்பாமல் கடிதம் போகக்கூடாது. தமிழில் எழுதியவருக்குத் தமிழிலேயே போகட்டும். ஆங்கிலப் பதில் வந்தால் அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குத்தான் வருகிறார்கள், எனக்கும் வயதாகிறது.

கடிதத்தின் கீழே ஒரு மனிதரின் பெயரும், எடுத்துப் பேசும் எண்ணும் இருக்கட்டும் என்பது கடைசிக் கோரிக்கை. ‘பெயர் போட்டால் நாள்முழுக்கக் கூப்பிட்டுத் தொல்லை செய்வார்கள்’ என்று எல்லாக் கூட்டத்திலும் யாராவது சொல்வார்கள். மார்ச் 12 கடிதத்தில் பெயர் இருந்தது. அம்மா அந்த எண்ணுக்குக் கூப்பிட்டது ஒரே ஒரு முறை, அந்த 1,200 ரூபாய்க்காக.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்